வாக்கெடுப்புக்கு முன்பே முடிவாகிவிடுபவை: பெருந்துறையை முன்வைத்துப் பங்கேற்பு பட்ஜெட் குறித்த ஆய்வு

உள்ளாட்சியின் பணத்தில் ஒரு பகுதியை எந்த வேலைக்குச் செலவிடுவது என்று அங்கே குடியிருப்பவர்களே வாக்களித்து முடிவு செய்யும் முறைக்குப் பங்கேற்பு பட்ஜெட் என்று பெயர். 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் இது தொடங்கியது. இந்தியாவில் புனே மாநகராட்சி 2006-07 நிதியாண்டு முதல் இதன் ஒரு வடிவத்தை நடத்தியது. தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் சட்டபூர்வமான ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனாலும் அதற்கு இடம் தரக்கூடிய இரண்டு மன்றங்கள் இருக்கின்றன. ஒன்று, 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் கூடும் கிராம சபை. மற்றொன்று, 2022இல் விதிகள் வகுக்கப்பட்டு அவ்வாண்டு நவம்பர் 1 அன்று முதன்முதலாகக் கூடிய நகர்ப்புறப் பகுதி சபை.

பெருந்துறை இந்த இரண்டும் சந்திக்கும் இடம். நடுவே நகரம், சுற்றிலும் ஊராட்சிகள், ஈங்கூர்ப் பக்கம் சிப்காட் வளாகம், அங்கே வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள். இங்கே பங்கேற்பு பட்ஜெட்டைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதன் பயனையும் எல்லையையும் வாக்கெடுப்பு நாளுக்கு முன்பே மூன்று விஷயங்கள் தீர்மானித்துவிடுகின்றன: கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, வாக்காளர் யார், வாக்கை எப்படிக் கணக்கிடுகிறோம். மூன்றில் கடைசியானதைப் பற்றித்தான் நம்மிடையே பேச்சே இல்லை. எனவே அதற்கு அதிக இடம் தருகிறேன்.

1. கையில் இருக்கும் பணம்

ஒரு கிராம ஊராட்சியின் வரவில் எதைச் சபை தன் விருப்பப்படி ஒதுக்க முடியும்? 15ஆவது நிதிக்குழு கிராம உள்ளாட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு நிபந்தனையுடன் வந்தது. பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும். மீதி 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்குச் செலவிட முடிந்தது, ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொட முடியவில்லை. மாநில நிதிக்குழுப் பணத்திலும் தெருவிளக்கு, மோட்டார் மின்கட்டணம், தொட்டி இயக்குபவரின் ஊதியம் என்று கட்டியே ஆகவேண்டியவை முதலில் போய்விடும். சபையின் கைக்கு உண்மையில் மிஞ்சுவது பெரும்பாலும் வீட்டுவரி முதலான சொந்த வருவாய்தான்.

சொந்த வருவாய் இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே சான்று உண்டு. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு ஒரு பங்கு, வங்கிக் கடன் பெரும்பங்கு. ஊராட்சியின் தேவை போக மிஞ்சிய மின்சாரம் வாரியத்துக்கு விற்கப்பட்டது. அது வாக்கெடுப்பில் எடுத்த முடிவன்று. ஆனால் தேர்வு செய்யும் உரிமைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் தேர்வு செய்ய ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. பணமில்லாத சபையில் நடக்கும் வாக்கெடுப்பு கோரிக்கை மனுவாகவே முடியும்.

புனேயில் நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே குடிமக்கள் வார்டு அலுவலகத்தில் படிவம் கொடுத்து 5 லட்சம் ரூபாய்க்குள் முடியும் சிறு வேலைகளைப் பரிந்துரைத்தார்கள்: நடைபாதை, பேருந்து நிழற்குடை, இருக்கை, விளக்கு. பரிந்துரைகளை அதிகாரிகளும் வார்டுக் குழுவும் சலித்து எடுத்தார்கள். குடிமக்கள் வாக்களிக்கவில்லை. எது ஏன் நிராகரிக்கப்பட்டது என்ற பதில் பலருக்கும் வந்து சேரவில்லை. பதில் வராத இடத்தில் அடுத்த ஆண்டு படிவம் கொடுக்க ஆள் குறைவது இயல்பு.

பணத்துக்கு உறுதியில்லாத நிலைக்குப் போலந்து சட்டத்தால் தீர்வு தேடியது. பெருநகரங்கள் தம் செலவில் குறைந்தது 0.5 விழுக்காட்டைப் பங்கேற்பு பட்ஜெட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2018இல் விதித்தது. தொகை சிறிதுதான். ஆனால் மேயர் மாறினாலும் மறையாது. முன்னோடியான போர்ட்டோ அலெக்ரேயிலேயே நகராட்சித் தலைமை மாறியபின் 2017இல் இம்முறை நிறுத்திவைக்கப்பட்டதை நினைத்தால் இந்தக் காப்பின் அருமை புரியும்.

2. வாக்காளர் யார்

கிராம சபை என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும். 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால் குறைவெண் வரம்பு நிறைவேறிவிடும். ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களே பெரும்பாலான ஊர்களில் அந்த எண்ணிக்கையை நிரப்புகிறார்கள். வருகைப் பதிவேட்டில் முதலில் கையெழுத்தாகிறது. பிறகு செயலர் வரவு செலவை வாசிக்கிறார். தீர்மானப் புத்தகத்தில் ‘மன்றம் ஏகமனதாக அங்கீகரிக்கிறது’ என்று எழுதப்படுகிறது. இரண்டு வேலைகளில் எதை முதலில் செய்வது என்று யாரும் கேட்பதில்லை. இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒப்பிட்டுத் தேர்வதற்கு ஒன்றும் வைக்கப்படவில்லை என்பதே இங்குள்ள குறை.

பெருந்துறையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சிப்காட் ஆலைகளை ஒட்டிய லைன் வீடுகளில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் வாக்கு சொந்த ஊரில் இருக்கிறது. குடிநீரையும் சாக்கடையையும் தெருவிளக்கையும் அவர்கள் இங்கே பயன்படுத்துகிறார்கள். அவர்கள் தரும் வாடகை வழியாக வீட்டுவரியும் மறைமுகமாக அவர்கள் தோளில் ஏறுகிறது. பட்டியலை மட்டும் நம்பி வாக்கெடுத்தால், மிக நெருக்கடியான தெருக்களின் தேவை எண்ணிக்கையில் இல்லாமலே போகும். நியூயார்க் நகர மன்றத்தில் 2011 முதல் நடக்கும் பங்கேற்பு பட்ஜெட்டில் குடியுரிமை இல்லாதவரும் வாக்களிக்கலாம், வயது வரம்பும் 11 வரை இறங்கியிருக்கிறது. கிராம சபையின் அமைப்பைச் சட்டம் கட்டிவைத்திருப்பதால் இங்கே அப்படியே செய்ய முடியாது. ஆனால் சபைக்கு ஆலோசனையாக, குடியிருப்பைச் சான்றாகக் கொண்ட ஒரு முன்வாக்கெடுப்பை ஊராட்சியே நடத்தத் தடையில்லை.

3. வாக்கை எப்படிக் கணக்கிடுவது

இனி எண்ணும் விதிக்கு வருவோம். வழக்கமான முறை எளியது. வேலைகளை வாக்கு வரிசையில் அடுக்கி, பணம் தீரும்வரை மேலிருந்து எடுத்துக்கொள்வது. இது நியாயம்போலத் தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கில் சோதித்துப் பார்க்கலாம்.

ஓர் ஊரில் 1,000 பேர் வாக்களிக்கிறார்கள். தொகை 50 லட்சம். ஊருக்குள் 600 பேர், காலனியில் 400 பேர். ஊர்க்காரர்கள் எல்லோரும் தலா 12.5 லட்சம் ஆகும் நான்கு வேலைகளை ஆதரிக்கிறார்கள்: இரண்டு கான்கிரீட் சாலை, ஒரு சமுதாயக் கூடம், ஒரு பூங்கா. காலனியில் எல்லோரும் தலா 10 லட்சம் ஆகும் இரண்டை ஆதரிக்கிறார்கள்: சாக்கடை, பொதுக் கழிப்பிடம். வரிசை முறையில் 600 வாக்கு பெற்ற நான்கும் முதலில் வருகின்றன. 50 லட்சமும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. நாற்பது விழுக்காட்டினருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அடுத்த ஆண்டும் இதே கதைதான்.

இப்போது விதியை மாற்றுவோம். தொகையை 1,000 பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 5,000 ரூபாய். ஒரு வேலைக்கான செலவை அதை ஆதரித்தவர்கள் தம் பங்கிலிருந்து தருவதாகக் கணக்கு வைக்க வேண்டும். காலனியின் 400 பேர் கையில் 20 லட்சம். சாக்கடையும் கழிப்பிடமும் நிறைவேறிவிடுகின்றன. ஊரின் 600 பேர் கையில் 30 லட்சம். நான்கில் இரண்டு வேலைக்கு 25 லட்சம் போக 5 லட்சம் மிஞ்சும். அதை எப்படிச் செலவிடுவது என்பதையும் முன்கூட்டியே விதியாக எழுதிவைக்க வேண்டும். இதைச் சமபங்கு முறை என்கிறார்கள். 2023இல் போலந்தின் வியெலிச்கா நகரமும் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரமும் இதைத் தம் பங்கேற்பு பட்ஜெட்டில் நடைமுறைப்படுத்தின.

போர்ட்டோ அலெக்ரே வேறு வழியில் இதே இடத்தை அடைந்தது. நகரத்தை 16 பகுதிகளாகப் பிரித்து, மக்கள் தொகை, அடிப்படை வசதிக் குறைவு, மக்கள் சொன்ன முன்னுரிமை ஆகியவற்றுக்கு எடை கொடுத்துப் பணத்தைப் பங்கிட்டது. சாக்கடை இல்லாத பகுதிக்கு அதிகம் போயிற்று. பங்கேற்பு பட்ஜெட்டை ஏற்ற பிரேசில் நகராட்சிகள் சுகாதாரத்துக்கும் வடிகாலுக்கும் கூடுதலாகச் செலவிட்டன என்றும், அங்கே குழந்தை இறப்பு குறைந்தது என்றும் சோனியா கோன்சால்வெஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இந்த முறையால் விளையும் நன்மைக்குக் கிடைத்துள்ள வலுவான சான்றுகளில் இது ஒன்று. தேவைக்கு எடை கொடுக்கும் விதியோடு வளர்ந்த ஒரு முறையின் பயன் இது என்பதை மறந்துவிட்டு வாக்குப்பெட்டியை மட்டும் இறக்குமதி செய்தால் அந்தப் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சமபங்கு முறை மக்களுக்குப் புரியாது என்பது இதற்கு எழக்கூடிய மறுப்பு. ‘உன் பங்கு ஐயாயிரம், நீ ஆதரிக்கும் வேலைக்கு அது போகும்’ என்பது ஏலச்சீட்டு நடத்தும் ஊருக்குப் புரியாத கணக்கன்று. ஊரும் காலனியும் பிரிந்தே இருப்பதை இது உறுதிப்படுத்திவிடாதா என்பது இன்னும் கனமான மறுப்பு. இந்த விதியில் யார் எங்கே குடியிருக்கிறார் என்ற கேள்வியே வருவதில்லை. இரு பக்கமும் விரும்பும் வேலை இருந்தால் 1,000 பேர் சேர்ந்து தாங்குவதால் ஆளுக்குக் குறைவாகவே கழியும். பொதுவான வேலையைத் தேடுவோருக்கு லாபம் தரும் விதி இது.

4. வாக்கு எட்டாத இடம்

எண்ணும் விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, பராமரிப்பு. கட்டும் செலவுக்கு வாக்களிக்கிறோம், கட்டியபின் ஆகும் செலவுக்கு வாக்களிப்பதில்லை. காலனியின் கழிப்பிடத்துக்கு 10 லட்சம் கிடைத்துவிடலாம். தண்ணீருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ஆண்டுதோறும் யார் தருவது? வாக்குச்சீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒன்றியப் பொறியாளர் தயாரித்த எஸ்டிமேட்டோடு ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் அச்சிட வேண்டும். அது இல்லாத வாக்கெடுப்பு, பூட்டிக் கிடக்கும் கட்டடங்களைத்தான் பெருக்கும்.

இரண்டாவது எல்லை இதைவிடப் பெரியது. பெருந்துறைச் சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீரைப் பற்றிய முடிவுகள் எந்த ஊராட்சியின் பட்ஜெட்டிலும் இல்லை. சிப்காட்டில் கோகோ கோலா ஆலைக்குத் தரப்பட்ட நில ஒதுக்கீடு, விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2015 ஏப்ரலில் ரத்தானது. அந்த முடிவு போராட்டத்தால் வந்தது. இருக்கைக்கும் விளக்குக்கும் வாக்குரிமை, தண்ணீருக்கு இல்லை என்ற நிலையைப் பங்கேற்பு பட்ஜெட்டால் மாற்ற முடியாது. அது மாற்றும் என்று வாக்குறுதி கொடுப்பது மக்களை ஏமாற்றுவதாகும்.

இந்த எல்லைகளை ஒப்புக்கொண்ட பின்பும் பெருந்துறையில் இதைத் தொடங்கலாம், தொடங்க வேண்டும் என்பதே என் முடிவு. ஊராட்சிகளும் நகர உள்ளாட்சியும் ஒரு தொகையைச் சொந்த வருவாயிலிருந்து ஒதுக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் எஸ்டிமேட்டும் பராமரிப்புச் செலவும் வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஏறட்டும். எண்ணும் விதி சமபங்காக இருக்கட்டும். நிராகரித்த ஒவ்வொரு பரிந்துரைக்கும் காரணம் எழுத்தில் தரப்படட்டும். இந்த நான்கும் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. மூன்றாம் ஆண்டு முடிவில் காலனிக்கும் லைன் வீட்டுத் தெருவுக்கும் போன பணம் அங்கிருப்போரின் எண்ணிக்கைக்கு நிகராக இருக்கிறதா என்று கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால், வந்து வாக்களித்தவர் எத்தனை ஆயிரமாக இருந்தாலும் அந்த பட்ஜெட்டில் மக்கள் பங்கேற்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.