கடிதத்தின் கடைசி வரி

அலுவலகக் கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே, இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும் சொல் ‘இணைப்பு’. ஆங்கிலக் கடிதத்தில் அதே இடத்தில் நிற்பது ‘என்க்ளோஷர்’. ஒன்றுக்கு மற்றொன்று என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஆனால் ஒன்றின் கண் உறைமேல் இருக்கிறது, மற்றதன் கண் காகிதத்தின்மேல்.

‘என்க்ளோஷர்’ லத்தீனில் ‘மூடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். உள்ளே வைத்து மூடப்பட்டது என்பதே அதன் கருத்து. அப்படி மூடுவது ஒரு காலத்தில் செலவு பிடித்த வேலை. 1840க்கு முன் பிரிட்டனில் தபால் கட்டணத்தைத் தூரத்தோடு தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்தே போட்டார்கள். ஒரே தாளை மடித்து அரக்கு முத்திரை வைத்தால் ஒரு பங்கு. உள்ளே இன்னொரு தாள் இருந்தால் இரண்டு பங்கு. உறையே ஒரு தாளாகக் கணக்கில் ஏறிவிடும். உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று அஞ்சல் ஊழியர்கள் கடிதத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ரோலண்ட் ஹில்லின் திட்டப்படி எடைக்குக் கட்டணம் என்று ஆனபிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது.

தமிழ்ச் சொல்லுக்கு உறையைப் பற்றிய கவலையே இல்லை. ‘இணை’ என்றால் ஜோடி, ஒப்பு. ‘இணையில்லாத’ என்கிறோமே, அந்த இணைதான். கடிதத்தோடு ஜோடி சேர்ந்து வரும் தாள் இணைப்பு. உறையில் வந்தால் என்ன, ஆள் கையில் கொடுத்தனுப்பினால் என்ன? மின்னஞ்சல் வந்தபோது ஆங்கிலம் ‘அட்டாச்மென்ட்’ என்று வேறு சொல்லைத் தேடிக்கொண்டது. தமிழுக்கு அந்தச் சிரமம் இல்லை. வார இதழின் ‘இலவச இணைப்பு’ முதல் எரிவாயு இணைப்பு வரை அந்தச் சொல் எங்கெங்கோ போய்விட்டது வேறு கதை.

கடிதத்துக்கு வருவோம். கோவையில் ஒரு சிறு பம்புசெட் கம்பெனி, ஒரு நகராட்சிக்கு ஒப்பந்தப்புள்ளி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தாள் லெட்டர்பேடு. நூறு தாளை ஒரு விளிம்பில் பசை போட்டு ஒட்டி, அடியில் அட்டை வைத்து அச்சகத்தில் தருவதால் வந்த பெயர் அது. அந்தக் கட்டைத் தவிர வேறு எதுவும் இல்லாத கட்சிக்கு ‘லெட்டர்பேடு கட்சி’ என்று பெயர் வைத்தது நம் ஊர்க் குறும்பு. கம்பெனிச் சட்டத்தில் பதிந்த நிறுவனம் என்றால், பதிவு அலுவலக முகவரியும் 21 எழுத்து கொண்ட சிஐஎன் எண்ணும் லெட்டர்பேடின் தலைப்பில் இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு.

தலைப்புக்குக் கீழே ஒரே வரியில் இடப்பக்கம் ‘எண்: வி/47/2024-25’, வலப்பக்கம் ‘நாள்: 12.08.2024’. ‘வி’ விற்பனைப் பிரிவு. 47 அந்த நிதியாண்டின் வரிசை எண். ஏப்ரலில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆண்டைக் குறிக்காமல் வெறும் 47 என்று பதிலில் எழுதினால், எந்த வருடத்து 47 என்று யாருக்கும் தெரியாது. நகராட்சியின் பதிலில் ‘பார்வை’ என்ற வரியில் எண்ணும் நாளும் சேர்ந்தே வருவது அதனால்தான்.

கடைசி வரியில்தான் தவறு நடக்கிறது. பலர் ‘இணைப்பு: மேற்கண்டவாறு’ என்று முடித்துவிடுவார்கள். உறையைப் பிரிக்கும் தபால் பிரிவு எழுத்தர் முழுக் கடிதத்தையும் படித்து எதெல்லாம் வர வேண்டும் என்று தேடப் போவதில்லை. ஒரு தாள் குறைந்திருந்தால், வைக்கவே இல்லையா, வந்தபிறகு தொலைந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இப்படி:

இணைப்பு: 3
1. முன்வைப்புத் தொகைக்கான வங்கி வரைவோலை, அசல் – 1
2. ஜிஎஸ்டி பதிவுச் சான்று, நகல் – 3 பக்கம்
3. விலைப்பட்டியல், கையொப்பத்துடன் – 2 பக்கம்

அசலா நகலா என்பதும் பக்கக் கணக்கும் இருந்தால், பிரித்த கையோடு ‘டிக்’ போட்டுவிடலாம். கடிதத்தில் எந்த வரிசையில் பேச்சு வருகிறதோ அந்த வரிசையே பட்டியலுக்கும்.

மத்திய அரசு அலுவலக நடைமுறையில் இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. வரைவில் இணைப்பைச் சொல்லும் வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு சாய்கோடு இழுப்பார்கள். கடிதம் புறப்படுமுன் கோடுகளை எண்ணினால் போதும். கோடு மூன்று, பட்டியலில் இரண்டு என்றால் உறையை ஒட்டாதே என்று அர்த்தம்.

வரைவோலையை மட்டும் மற்றவற்றோடு சேர்த்துப் பின் அடிக்கக்கூடாது. அடியில் இயந்திரம் படிக்கும் எண் வரிசையில் ஓட்டையோ மடிப்போ விழுந்தால் வங்கியில் சிக்கல். அதை ஒரு சின்ன உறையில் போட்டு, அந்த உறையை ஜெம் கிளிப்பில் கடிதத்தோடு செருகுவார்கள்.