நிகரத் தீர்வும் மொத்தத் தீர்வும்

வங்கிகள் தமக்குள் பெருந்தொகைகளைத் தீர்த்துக்கொள்ள இரண்டு முறைகள் உண்டு. நாள் முழுதும் பற்று வரவை மட்டும் குறித்துவைத்து, முடிவில் மிச்சத்தை மட்டும் கொடுப்பது நிகரத் தீர்வு. ஒவ்வொரு தொகையையும் மத்திய வங்கிக் கணக்கின் வழியாக அப்போதே, முழுமையாகக் கொடுத்து முடிப்பது உடனடி மொத்தத் தீர்வு. இந்தியாவில் இது ஆர்.டி.ஜி.எஸ். என்று அறியப்படுகிறது.

நிகரத் தீர்வு சிக்கனமானது. க வங்கி ச வங்கிக்கு 100 கோடி, ச வங்கி ட வங்கிக்கு 90 கோடி, ட வங்கி க வங்கிக்கு 80 கோடி தர வேண்டும் என்று கொள்வோம். மொத்தம் 270 கோடி. கழித்துப் பார்த்தால் க வங்கி 20 கோடி கட்டினால் போதும். மற்ற இரண்டும் ஆளுக்கு 10 கோடி பெறும்.

மாலைக்குள் க வங்கி நொடித்துப்போனால் அதன் பரிமாற்றங்களை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிடுவது பழைய வழக்கம். அப்போது 10 கோடி வரும் என்றிருந்த ச வங்கி 90 கோடி கட்ட வேண்டியதாகிறது. அதனிடம் அந்தப் பணம் இல்லையென்றால் ட வங்கியும் சிக்கிக்கொள்ளும். காலையில் வந்த செய்தியை நம்பி ச வங்கி தன் வாடிக்கையாளருக்குப் பணம் கொடுத்திருக்கலாம் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இந்த இடைவெளியின் விலையை உலகம் கண்டது 1974 ஜூன் 26 அன்று. ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்த ஹெர்ஸ்டாட் வங்கியை, அந்நாட்டின் வங்கித் தீர்வு நேரம் முடிந்தபின் அதிகாரிகள் மூடினர். நியூயார்க்கில் அப்போது முற்பகல் 10.30 மணி. அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களின்படி மார்க் நாணயத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்ட வங்கிகளுக்கு வரவேண்டிய டாலர் வரவில்லை. ஹெர்ஸ்டாட் கணக்கிலிருந்து பணம் செல்வதை நியூயார்க்கிலிருந்த அதன் முகவர் வங்கி நிறுத்திவிட்டது. நியூயார்க்கின் 'சிப்ஸ்' தீர்வகத்தில் அன்று தீர்வு மறுநாள்தான் நடந்தது. 1981இல் அது அதே நாளுக்கு மாற்றப்பட்டது.

லண்டனின் 'சாப்ஸ்' 1984இல் நாள்முடிவு நிகரத் தீர்வாகத் தொடங்கி, 1996இல் உடனடி மொத்தத் தீர்வாக மாறியது. இந்திய ரிசர்வ் வங்கி 2004 மார்ச்சில் ஆர்.டி.ஜி.எஸ். முறையைத் தொடங்கியது.

இம்முறையில் பின்னர் பிரித்தெடுக்க எதுவும் இல்லை. ஆனால் மேற்கண்ட க வங்கி 100 கோடியையும் கையில் வைத்திருக்க வேண்டும். பிறர் பணம் முதலில் வரட்டும் என்று எல்லா வங்கிகளும் காத்திருந்தால் பரிமாற்றங்கள் வரிசையில் தேங்கும். அதனால் மத்திய வங்கிகள் கடன்பத்திரங்களை ஈடாகப் பெற்றுப் பகல்நேரக் கடன் தருகின்றன.

ஹெர்ஸ்டாட் சிக்கல் இதனால் மட்டும் தீரவில்லை. மார்க் ஒரு நாட்டிலும் டாலர் இன்னொரு நாட்டிலும் வேறுவேறு நேரங்களில் தீர்க்கப்பட்டன. ஒரு நாணயம் கைமாறினால்தான் மற்றதும் கைமாறும் என்று இரண்டையும் பிணைக்கும் சி.எல்.எஸ். வங்கி 2002இல்தான் இயங்கத் தொடங்கியது.