பிள்ளையின் கற்பனைத் தோழி: எப்போது கவனிக்க வேண்டும்?

நாயாற்றில் நான்கு வயதுப் பிள்ளை, கண்ணுக்குத் தெரியாத தோழிக்குச் சிரட்டையில் மணற்சோறு பரிமாறினால் பயப்படத் தேவையில்லை. முன்பள்ளி வயதில் இது வழமை. தோழி உண்மையானவள் அல்ல என்பது பெரும்பாலும் பிள்ளைக்கே தெரியும்.

நான் பார்க்கச் சொல்வது விளையாட்டின் முடிவை. 1976இல் அமெரிக்காவின் சௌச்சில்லாவில் பாடசாலைப் பேருந்தோடு 26 பிள்ளைகள் கடத்தப்பட்டார்கள். தப்பிவந்தவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், சிலர் அதே பயத்தை மகிழ்ச்சியின்றித் திரும்பத் திரும்ப விளையாடுவதைக் கண்டார்.

வள்ளம் கவிழும் விளையாட்டை எடுப்போம். இன்று எல்லோரும் மூழ்கி, நாளை ஒருவர் தப்பினால் பிள்ளை பயத்தைக் கடக்கிறது. முடிவு மாறாவிட்டால், "கயிறு எறிவோமா?" என்று நீங்களும் சேருங்கள். அதையும் ஏற்காமல், விளையாடியபின் பதற்றம் கூடி, வாரக்கணக்கில் நித்திரையும் குழம்பினாலோ, தோழி தன்னை மிரட்டுவதாகப் பிள்ளை நடுங்கினாலோ மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுங்கள்.