ஆய்வேட்டின் தலைப்பும் திறவுச்சொற்களும் சுருக்கமும்: சிவகாசி வட்டார வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக எண்ணிமக் களஞ்சியத்தில் பதிவேற்றப்படும் ஆய்வேட்டைப் பிறர் கண்டடைவதற்கு அதன் தலைப்பும் திறவுச்சொற்களும் சுருக்கமுமே வழியாகின்றன. சிவகாசி ஒரு நூற்றாண்டுக்குள் நான்கு மாவட்டப் பெயர்களின்கீழ் இருந்துள்ளது. இம்மாற்றத்தைக் கருதாமல் எழுதப்படும் பதிவு ஆய்வேட்டை மறைத்துவிடுவதோடு பிழையான ஒப்பீட்டுக்கும் இடமளிக்கிறது. இதனைத் தீப்பெட்டித் தொழில் குறித்த ஓர் எடுத்துக்காட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிவகாசி, விருதுநகர் மாவட்டம், இராமநாதபுரம் மாவட்டம், தீப்பெட்டித் தொழில், ஆய்வேட்டுக் களஞ்சியம், சோத்கங்கா

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியை அளிப்பதைக் கட்டாயமாக்கின. அவ்வாறு பெறப்படும் ஆய்வேடுகளைக் காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் சோத்கங்கா களஞ்சியத்தில் வைத்துப் பேணுகிறது. இக்களஞ்சியம் டிஸ்பேஸ் என்னும் மென்பொருளில் இயங்குகிறது. பதிவேற்றும் படிவத்தில் தலைப்பு, திறவுச்சொல், சுருக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் உண்டு. நூலகத்தில் ஆய்வேட்டைக் கையிலெடுத்துப் புரட்டுபவர் தலைப்பின் குறையைப் பொருளடக்கத்தால் ஈடுசெய்துகொள்வார். களஞ்சியத்தில் தேடுபவருக்கோ புலங்களில் உள்ள சொற்களே நுழைவாயில்.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பழைய ஆய்வேடுகள் பல படிமமாக வருடப்பட்டவை. அவற்றின் உட்பகுதியைத் தேட இயலாது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையும் அவ்வாறே. பாமினி எழுத்துருவில் அடித்த ‘சிவகாசி’ என்னும் சொல்லைத் தேடுபொறி `rptfhrp` என்றே படிக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது தேடலுக்குத் தமிழாக இருப்பதில்லை. சுருக்கத்தை நகலெடுத்துப் படிவத்தில் ஒட்டும்போது உரோமன் எழுத்துகள் தோன்றினால் அது ஒருங்குறி அன்று என அறியலாம்.

1. ஓர் ஊர், நான்கு மாவட்டங்கள்

1899இல் சிவகாசிக் கலவரம் நிகழ்ந்தபோது அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சிவகாசி அதனுள் வந்தது. 1985இல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. சிவகாசி காமராசர் மாவட்டத்தில் அமைந்தது. 1997இல் மாவட்டங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது விருதுநகர் மாவட்டமாயிற்று.

ஆகவே 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதை எழுதுபவர் ‘விருதுநகர் மாவட்டத்தில்’ எனத் தலைப்பிட்டால், அப்போது இல்லாத ஒரு நிருவாக அலகைக் குறிக்கிறார். இதனைச் சொல்லளவிலான வழு என்று ஒதுக்கிவிட இயலாது. 1981ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இராமநாதபுரம் மாவட்டம் என்பது இன்றைய இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஆகிய மூன்றையும் உள்ளடக்கியது. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காமராசர் மாவட்டம் அதன் ஒரு பகுதி மட்டுமே. இவ்விரண்டையும் ஒரே பெயரின்கீழ் நிறுத்தினால், எல்லை சுருங்கியதைத் தொழில் சுருங்கியதாகப் படிக்க நேரும்.

2. தலைப்பு

‘விருதுநகர் மாவட்டத் தீப்பெட்டித் தொழில் – ஓர் ஆய்வு’ என்று ஒரு தலைப்பைக் கொள்வோம். இது எடுத்துக்காட்டுக்காக அமைத்துக்கொண்டது. ஆய்வேடு உண்மையில் பேசுவது, 1934ஆம் ஆண்டுத் தீப்பெட்டிக் கலால் வரிச் சட்டம் முதல் 1985ஆம் ஆண்டு மாவட்டப் பிரிப்பு வரையிலான காலத்தில், வரிவிதிப்பு கையுழைப்பை எவ்வாறு நிலைநிறுத்தியது என்பது. தலைப்பில் வரியும் இல்லை, காலமும் இல்லை. ‘ஓர் ஆய்வு’ என்னும் தொடர் எல்லா ஆய்வேட்டுக்கும் பொருந்துவதால் எதனையும் வேறுபடுத்துவதில்லை. மாவட்டப் பெயரோ ஆய்வுக்காலம் முழுவதற்கும் பொருந்தாதது. மேலும் தீப்பெட்டித் தொழில் பரவிய கோவில்பட்டி அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தது; இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. ஆகவே எந்த ஒரு மாவட்டப் பெயரும் ஆய்வுக்களத்தை முழுமையாகத் தழுவாது.

மாவட்டங்களின் பெயரும் எல்லையும் மாறியபோதும் ஊர்ப்பெயர்கள் நிலைத்துள்ளன. எனவே ‘சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் கலால் வரியும் கையுழைப்பும், 1934–1985’ என்பது தக்க தலைப்பாகும். களம், பொருள், சிக்கல், காலம் நான்கும் இதில் உள்ளன.

3. திறவுச்சொற்கள்

தலைப்பு ஆய்வுக்காலத்துக்கு உண்மையாக இருத்தல் வேண்டும். திறவுச்சொல் தேடுபவரின் காலத்துக்கும் பயன்படவேண்டும். இன்று தேடுபவர் ‘விருதுநகர்’ என்றே தேடுவார். அப்பெயருக்குரிய இடம் தலைப்பன்று, திறவுச்சொல். ஆவணக் காப்பகத்திலிருந்து வருபவர் ‘இராமநாதபுரம்’ எனத் தேடுவார். ஆங்கில ஆவணங்களில் அது `Ramnad` எனவும், சாத்தூர் `Sattur`, `Satur` என இருவகையாகவும் எழுதப்பட்டிருக்கும். இவற்றுக்கும் இடமளித்த பதிவு பின்வருமாறு அமையும்:

```
dc.subject: தீப்பெட்டித் தொழில்
dc.subject: Match industry
dc.subject: கலால் வரி
dc.subject: Excise duty
dc.coverage.spatial: சிவகாசி; Sivakasi
dc.coverage.spatial: Sattur; Satur
dc.coverage.spatial: விருதுநகர்; Virudhunagar
dc.coverage.spatial: இராமநாதபுரம்; Ramnad
dc.coverage.temporal: 1934-1985
```

இடத்துக்கும் காலத்துக்கும் தனிப்புலம் இல்லாத படிவத்தில் அவற்றையும் திறவுச்சொற்களாகவே தரலாம். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் சிவகாசியின் அடையாளங்கள் என்பதற்காக மூன்றனையும் திறவுச்சொல்லாக்குவது வழக்கமாகக் காணப்படும் பிழை. பட்டாசு பற்றி ஒரு பத்தி மட்டுமே உள்ள ஆய்வேட்டில் அச்சொல் இடம்பெற்றால், பட்டாசுத் தொழிலை ஆராய்பவர் வெறுங்கையுடன் திரும்புவார். ‘குட்டி ஜப்பான்’ போன்ற புகழ்ப்பெயர் எப்பொருளையும் குறிப்பதில்லை.

4. சுருக்கம்

பதிவேற்றப்படும் சுருக்கங்கள் பல, இயல் பகுப்பை உரைப்பதோடு நின்றுவிடுகின்றன: முதல் இயல் அறிமுகம், இரண்டாம் இயல் தோற்றமும் வளர்ச்சியும் என்பதாக. இதனால் ஆய்வாளர் கண்டது என்ன என்பது தெரிவதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டுக்குரிய சுருக்கம் இவ்வாறு அமையலாம்:

“1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மறு ஆண்டு சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அன்று இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்த (இன்றைய விருதுநகர்) இவ்வட்டாரத்தின் கைத்தொழிற் கூடங்கள், எந்திரத்தில் உற்பத்தி செய்த விம்கோ நிறுவனத்தோடு போட்டியிட்டு நிலைத்தது எவ்வாறு என்பதே இவ்வாய்வின் வினா. கலால் வரி ஆவணங்கள் இதன் முதன்மைச் சான்றுகள். விடுதலைக்குப் பின் சிறு கூடங்களுக்கு வழங்கப்பட்ட வரிச் சலுகை அவற்றைக் காத்தது. அதே சலுகை, பெரிய கூடங்கள் சிறியனவாகப் பிரிவதற்கும் எந்திரத்தைத் தவிர்ப்பதற்கும் காரணமாயிற்று. பெண்கள், சிறார் ஆகியோரின் மலிவான உழைப்பைச் சார்ந்திருந்த நிலை இதனோடு இணைத்துக் காணத்தக்கது.”

இதில் வினா, சான்று, முடிபு மூன்றும் உள்ளன. மாவட்டப் பெயர் மாற்றம் ஒரே அடைப்புக்குறிக்குள் தெளிவாகிறது. ‘தற்போது’, ‘இன்றளவும்’ போன்ற சொற்களைச் சுருக்கத்தில் பயன்படுத்தும்போது ஆண்டைச் சுட்டுதல் வேண்டும். சிறார் உழைப்பு பற்றிய கூற்று, 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தையதா, சிவகாசி தொடர்பான உச்சநீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிந்தையதா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். பதிவேற்றிய நாளைக் கொண்டு படிப்பவர் முன்னைய நிலையைப் பின்னைய நிலையாகக் கொள்வார்.

முடிவுரை

ஆய்வேட்டின் தலைப்பில் நிலைத்த ஊர்ப்பெயரும் ஆய்வுக்காலமும் இடம்பெறுதல் தகும். திறவுச்சொல்லில் அன்றைய மாவட்டப் பெயரும் இன்றைய பெயரும் இரு மொழியிலும் தரப்படவேண்டும். சுருக்கம் வினாவையும் சான்றையும் முடிபையும் உரைத்து, எண்கள் எந்த ஆண்டின் எந்த எல்லைக்கு உரியவை எனத் தெளிவுறுத்தவேண்டும். பதிவேற்றிய பின் ஊர்ப்பெயர், பழைய மாவட்டப் பெயர், புதிய மாவட்டப் பெயர் ஆகிய மூன்றையும் தனித்தனியே இட்டுத் தேடி, ஆய்வேடு ஒவ்வொன்றிலும் கிடைக்கிறதா என நெறியாளரும் ஆய்வாளரும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒன்றில் கிடைக்காவிடினும் பதிவு குறையுடையதே.