கானாங்கெளுத்திக்கு மீசை இல்லை

தேனிப் பக்கத்து ஜெயமங்கலத்தில் கெளுத்தி என்றால் மீசை மீன். வராக நதியிலும் கண்மாயிலும் வைகை அணையிலும் பிடிபடுவது. செதிலே கிடையாது, உடம்பு வழவழவென்றிருக்கும். கையில் பிடிக்கத் தெரியாதவனை முதுகு முள்ளாலும் பக்கத்து முள்ளாலும் குத்திவிடும். பழைய தமிழில் இதற்குக் கெளிறு என்றும் பெயர். அதே ஊருக்குக் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் இன்னொரு மீனுக்குக் கானாங்கெளுத்தி என்று பெயர். பெயரை மட்டும் கேட்டு வாங்கப் போகிறவர் அதுவும் கெளுத்தியின் கடல்வகை என்றே நினைப்பார். கடலில் மீசை வைத்த கெளுத்திகள் இருப்பது உண்மைதான். ஆனால் கானாங்கெளுத்திக்கு மீசை கிடையாது, செதில் உண்டு, குத்தும் பக்க முள்ளும் இல்லை. இரண்டுக்கும் உறவே இல்லை.

பிறகு எப்படி அந்தப் பெயர் ஒட்டியது?

தடயம் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், அங்கே பிடிபட்ட இருநூறு மீன்களைப் படத்தோடு விவரித்து 1803இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். நல்ல காரியமாக, மீன்களுக்கு உள்ளூர் மீனவர்கள் சொன்ன பெயரையே எழுதி வைத்தார். அதில் ஒரு மீன் ‘கானகுர்த்தா’. பிரான்சின் விலங்கியல் அறிஞர் கூவியே அந்தப் படத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டு 1816இல் அறிவியல் பெயர் சூட்டினார். இன்றைக்கும் உலகம் முழுவதும் அந்த மீன் ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்த்தா. ஒரு தெலுங்கு மீனவர் சொன்ன சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

கானகுர்த்தா, கானாங்கெளுத்தி இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். சோழமண்டலக் கரையோரம் கைமாறிய ஒரே பெயர்தான் என்று எனக்குப் படுகிறது. வால் பகுதியில் இருந்த ‘குர்த்த’ தமிழ்க் காதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலேயே ‘கெளுத்தி’ என்ற பழகிய சொல் இருந்தது, அதில் போய் ஒட்டிக்கொண்டது. கெளுத்தியிலிருந்து பெயர் கிளம்பியிருந்தால் மீசையோ முள்ளோ ஏதாவது ஓர் ஒப்புமை இருந்திருக்க வேண்டும், அப்படி ஒன்றும் இல்லை. கானாங், காணாங், கெளுத்தி, கெழுத்தி என்று கடைப் பலகைகளில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதும், அந்தச் சொல்லுக்குள் யாருக்கும் பொருள் தெரியவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

இத்தனைக்கும் இந்த மீனுக்கு நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று முன்பே இருந்தது: அயிலை. அகநானூற்றின் 60ஆம் பாட்டில், சேரர்களின் தொண்டியில், கடலில் வேலை செய்து கிடக்கும் தந்தைக்கு மகள் சோறு கொண்டுபோகிறாள். உப்பு விற்று வாங்கிய நெல்லின் சோறு, அதன்மேல் அயிலை போட்ட புளிக்குழம்பு. கேரளத்தில் இன்றும் அந்தப் பெயர்தான், குமரி மாவட்டத்திலும் அயிலை என்றால் புரியும். கம்பம் பள்ளத்தாக்கில் குமுளிப் பக்கம் போய்வருகிறவர்கள் வாயிலும் இது வரும். ஆனால் தேனி, மதுரைப் பக்கத்தில் இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. அயிரை என்பது இங்கே விரல் நீளத்துக்கும் குறைவான ஆற்று மீன், உயிரோடு விற்பது. ஓர் எழுத்து மாறினால் மீனே மாறிவிடும்.

பெயர் இப்படிக் குழப்பும்போது கண்ணைத்தான் நம்ப வேண்டும். இப்போது பலரும் கடையில் நின்றபடியே போனில் படம் எடுத்து, “இது என்ன மீன்?” என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்படி வந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். தட்டில் ஒரு மீன், ஒரு சாண் நீளம், வெள்ளிப் பளபளப்பு, முதுகு நீலப்பச்சை. நிறத்தைப் பார்த்து முடிவுக்கு வருவதுதான் முதல் தவறு. கடலின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீன்கள் பலவற்றுக்கும் முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. ஐஸில் கிடந்தால் மினுமினுப்பு மங்கும், கடை விளக்கு மஞ்சளாக இருந்தால் படமும் மஞ்சள். ஆகவே துடுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

முதுகில் எத்தனை துடுப்பு? அயிலைக்கு இரண்டு, நடுவே இடைவெளி விட்டு. இரண்டாவது துடுப்புக்குப் பின்னால் வால் வரைக்கும் சின்னச் சின்னதாக ஐந்து குட்டித் துடுப்புகள், அவற்றுக்கு நேர்கீழே வயிற்றுப் பக்கமும் ஐந்து. வால் ஆழமாகப் பிளந்திருக்கும். உடம்பு நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய கதிர் வடிவம். முதுகோரம் தலையிலிருந்து வால்நோக்கி மெல்லிய கருங்கோடுகள் ஓடும், பக்கத் துடுப்பின் கீழே ஒரு கரும்புள்ளி இருக்கும். கோடு மங்கிப்போகலாம், குட்டித் துடுப்பு மங்காது.

படத்தில் முதுகுத் துடுப்பு ஒன்றே ஒன்று, அதுவும் முதுகின் நடுவில், குட்டித் துடுப்பு எதுவும் இல்லை என்றால் அது மத்தி, அதாவது சாளை. அளவில் சிறியது, செவுள் மூடியின் பின்விளிம்பில் கரும்புள்ளி தெரியும், வயிற்றின் அடிவிளிம்பைத் தடவினால் அரம் போல் உரசும். கெளுத்தி என்றால் படத்தைப் பெரிதாக்கவே வேண்டாம், மீசை சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் வாலுக்கு முன்னால் முதுகில் பாருங்கள்: கதிர் எதுவும் இல்லாத, சதைத் துணுக்கு மாதிரி ஒரு துடுப்பு நிற்கும்.

ஏமாற்றுகிறவன் வங்கடை. அதற்கும் வாலோரம் குட்டித் துடுப்புகள் உண்டு, உடம்பும் கதிர் வடிவம்தான். குட்டித் துடுப்பை மட்டும் பார்த்து அயிலை என்று சொன்னால் இங்கே மாட்டிக்கொள்வோம். பக்கவாட்டில், வாலை நோக்கி, கடினமான தகடுகள் வரிசையாக அடுக்கியிருந்தால் அது வங்கடை. அயிலையின் வால்பக்கம் வழவழப்பாகவே இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இந்தத் தகடு தெரியாது. மீனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முதுகுத் துடுப்பை விரலால் நிமிர்த்திப் பிடித்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், எண்ணெய்க்காக. மத்தியும் அயிலையும் கொழுப்பைச் சதைக்குள்ளேயே சேர்த்து வைக்கும் மீன்கள். மத்திக்கு நெய்ச்சாளை என்று மேற்குக் கரையில் ஒரு பெயர் உண்டு. நெய் என்பது பழைய வழக்கில் எந்தக் கொழுப்புக்கும் எண்ணெய்க்கும் பொது. கடையில் இவற்றுக்குப் பக்கத்தில் கிடக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் சதையில் அந்த அளவு எண்ணெய் இல்லாதவை. கெளுத்தியை நினைத்துக்கொண்டு கானாங்கெளுத்திக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் குழம்பின் மேல் ஒரு விரல் எண்ணெய் மிதக்கும்.

எவ்வளவு எண்ணெய் என்பதைப் படம் சொல்லாது. மத்தி தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிட்டு மெலிகிறது, மழைக்குப் பிறகு இரை கிடைத்துத் தேறுகிறது. ஆகவே ஒரே மீன் ஆடியில் ஒரு ருசி, ஐப்பசிக்குப் பிறகு வேறு ருசி. தேறிய மீனை அறுத்தால் வயிற்றுச் சுவரோரம் வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருக்கும்.

கடலிலிருந்து மலையடிவாரம் வரை வரும் எண்ணெய் மீனுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், வெட்டிய ஓரம் மஞ்சளாகும். மத்தியின் வயிறு சீக்கிரம் இளகி வெடிக்கும், அது படத்திலேயே தெரியும். அயிலையில் வெளியே தெரியாத ஒன்றும் நடக்கும்: ஐஸ் குறைந்து சூடேறினால், சதையில் இயல்பாக நிறைய இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைத் தின்றவருக்கு முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஆகவே அயிலை வாங்குகிறவர் மீனைப் பார்ப்பதோடு பெட்டியையும் பார்க்க வேண்டும்: மீனுக்கு மேலும் கீழும் ஐஸ் இருக்கிறதா, இல்லை உருகிய தண்ணீரில் மிதக்கிறதா என்று.