உருண்டையாக இருந்தால் ஆபத்தில்லையா?

சிறு குழந்தைகளுக்கான பொம்மைகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். எல்லாப் படங்களும் ஒரே குடும்பம் போல இருக்கும். பளீரென்ற சிவப்பு, மஞ்சள், நீலம். கூரான முனையே கிடையாது. எல்லாம் உருண்டை, எல்லாம் வழவழப்பு. படத்தைப் பார்த்ததுமே "இது பத்திரமான சாமான்" என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

கூர்முனை இல்லாவிட்டால் கையில் கீறாது, கண்ணில் குத்தாது. அது உண்மைதான். ஆனால் பொம்மைகளின் வரலாற்றில் மிகக் கடுமையான சில விதிகள் உருண்டையான பொருள்களுக்காகவே எழுதப்பட்டன. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் என்ற கம்பெனி 1930-இல் தொடங்கியது. முதலில் பைன் மரத்தில் பொம்மை செய்து, அதன்மேல் வண்ணப்படம் அச்சடித்த காகிதத்தை ஒட்டி விற்றார்கள். 1959-இல் ஒரு பள்ளிப் பேருந்துப் பொம்மை வந்தது. அதற்குள் இருந்த குட்டி மனிதர்களை வெளியே எடுத்து விளையாடலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு பெரியவரின் கட்டைவிரல் அளவு. கை இல்லை, கால் இல்லை. உருளை போன்ற உடல், அதன்மேல் உருண்டைத் தலை, அதில் ஒரு சிரிப்பு. இவர்கள்தான் பின்னால் 'லிட்டில் பீப்பிள்' என்று பெயர் பெற்றார்கள். 1968-இல் வந்த பண்ணை வீட்டுப் பொம்மையோடு இவர்கள் ஏராளமான வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த உருண்டைத் தலையில்தான் சிக்கல். கோணல்மாணலான பொருள் ஒன்று குழந்தையின் தொண்டையில் சிக்கினால், அதன் ஓரங்களில் சிறு இடைவெளி இருக்கும். அதன் வழியாகக் கொஞ்சம் காற்றாவது போக வாய்ப்பு உண்டு. உருண்டையான, வழவழப்பான பொருள் அப்படியல்ல. பாட்டிலுக்கு மூடி போட்டதுபோல் தொண்டையை முழுவதும் அடைத்துவிடும். விரலை விட்டு எடுக்கலாம் என்றாலும் பிடிமானம் கிடைக்காது. உங்கள் பேனா மூடியின் நுனியில் சிறு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பல மூடிகளில் இருக்கும். யாராவது விழுங்கிவிட்டால் காற்று போவதற்காக வைத்த ஓட்டை அது.

1980-இலிருந்து அமெரிக்காவில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஒரு சோதனை கட்டாயமானது. 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு உருளை. அதன் அடிப்பகுதி சாய்வாக இருக்கும். ஆழம் ஒரு பக்கம் 25.4 மில்லிமீட்டர், மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். பொம்மையோ அதிலிருந்து உடைந்த துண்டோ, அமுக்காமல் இதற்குள் முழுவதும் அடங்கிவிட்டால் அதை விற்கக் கூடாது.

இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. அது "முழுவதும் அடங்குகிறதா" என்று மட்டும்தான் கேட்கிறது. உடல் கொஞ்சம் நீளமாக இருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் பொம்மை தேறிவிடும். ஆனால் குழந்தை வாயில் வைப்பது தலைப்பக்கத்தை. தொண்டையை அடைக்க அந்தத் தலை ஒன்றே போதும்.

1986-இல் எட்வர்ட் ஸ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர், உயிரைப் பறிக்கும் பொம்மைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் அட்டையில் இருந்தவர்கள் இதே சிரித்த முகக் குட்டி மனிதர்கள். 1991-இல் கம்பெனி அவர்களைக் குண்டாக, அகலமாக மாற்றியது. இன்று கடையில் பார்க்கும் 'லிட்டில் பீப்பிள்' அந்த மாற்றத்துக்குப் பின் வந்தவர்கள். உருண்டைத் தலை கொண்ட பொம்மை மனிதர்களுக்கென்று தனிச் சோதனையும் பாதுகாப்புத் தரநிலையில் சேர்ந்தது.

பந்துகளுக்கு 1994-இல் தனிச் சட்டம் வந்தது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான பந்து, 44.4 மில்லிமீட்டர் துளைக்குள் புகுந்து வெளியே வரக் கூடாது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்றப் பொருள்களுக்கு 31.7, பந்துக்கு 44.4. உருண்டைக்கு அதிக எச்சரிக்கை தேவை என்று சட்டமே ஒப்புக்கொண்டது.

அப்படியானால் பெரிய உருண்டை பத்திரமா? 1999 நவம்பரில் முதல் போக்கிமான் திரைப்படம் அமெரிக்காவில் வெளியானபோது, பர்கர் கிங் கடைகளில் குழந்தைகளின் சாப்பாட்டோடு ஒரு போக்கி பந்து கொடுத்தார்கள். திறந்தால் இரண்டு பாதியாகப் பிரியும், உள்ளே ஒரு குட்டிப் பொம்மை இருக்கும். பந்தின் அகலம் சுமார் 7 செ.மீ. விழுங்கவே முடியாத அளவு.

அந்த டிசம்பரில் கலிபோர்னியாவில் 13 மாதப் பெண் குழந்தை ஒன்று மூச்சுத்திணறி இறந்தது. பந்தின் ஒரு பாதி அதன் மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. சில நாள்களில் கன்சாஸில் இன்னொரு குழந்தையின் முகத்தில் பாதிப் பந்து ஒட்டிக்கொண்டது. தந்தை இழுத்தும் முதல் முறை வரவில்லை, இரண்டாம் முறைதான் வந்தது.

ஏன் அப்படி ஒட்டுகிறது? கிண்ணம் போன்ற மூடி முகத்தில் பதிந்திருக்கும்போது குழந்தை மூச்சை உள்ளே இழுக்கிறது. கிண்ணத்துக்குள் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று கிண்ணத்தை இன்னும் இறுக்கமாக அழுத்துகிறது. குழந்தை பதறி மீண்டும் மூச்சை இழுக்க இழுக்கப் பிடி இறுகும். ஒரு தம்ளரை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சி விளையாடியவர்களுக்கு இது தெரியும். பெரியவர்கள் கையால் எடுத்துவிடுவோம். 13 மாதக் குழந்தைக்கு அது தெரியாது.

டிசம்பர் 27-ஆம் தேதி 2.5 கோடிக்கும் அதிகமான பந்துகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே இன்னொரு கைக்குழந்தை அதேபோல் இறந்தது. திரும்பக் கேட்டார்கள் என்பதற்காக எல்லாப் பந்தும் எல்லா வீட்டையும் விட்டு வெளியேறிவிடவில்லை. பிறகு தரநிலையில் புதிய விதி வந்தது. சிறு குழந்தைகளுக்கான கிண்ண வடிவப் பொம்மை இந்த அளவில் இருந்தால், காற்று போக அதில் ஓட்டைகளோ அது முகத்தில் ஒட்டாதபடி வேறு அமைப்போ இருக்க வேண்டும். குளியல் தொட்டியில் விளையாடும் அடுக்குக் கிண்ணங்களின் அடியில் ஓட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஒழுகி விளையாட மட்டும் அல்ல அது.

இப்போது மறுபடி அந்தப் படத்துக்கு வாருங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரு சிவப்புப் பந்து. பக்கத்தில் கை இல்லை, நாணயம் இல்லை, அளவுகோல் இல்லை. 4 செ.மீ. பந்தும் 7 செ.மீ. பந்தும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். 4 செ.மீ. பந்து 31.7 மில்லிமீட்டர் உருளைக்குள் போகாது. ஆனால் 44.4 மில்லிமீட்டர் துளைக்குள் போய்விடும். அதாவது சின்னக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாத பந்து அது. படம் இதைச் சொல்லாது.

அதனால் அக்கா குழந்தைக்கோ நண்பரின் தம்பிக்கோ பொம்மை வாங்கும்போது, படத்துக்குக் கீழே உள்ள அளவையும் வயதையும் படியுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய பொம்மைகளைப் பார்க்க ஒரு காலி டாய்லெட் பேப்பர் குழாய் போதும். அதன் அகலம் சுமார் 4 செ.மீ. அதற்குள் புகும் எதையும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடம் கொடுக்காதீர்கள். பந்து என்றால் அந்தக் குழாயைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தாலும் போதாது, ஸ்கேல் வைத்து 4.5 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாகப் பிரியும் உருண்டை என்றால் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.