பிறர் பணமும் தன் வருவாயும்: திருவனந்தபுரத்து விமானச்சீட்டு முகவர் கணக்குகளில் தரகுப் பதிவின் வளர்ச்சி

திருவனந்தபுரத்தில் விமானச்சீட்டு விற்கும் ஒரு நிறுவனத்தின் கையில் ஆண்டு முழுவதும் புரளும் பணத்துக்கும், அதன் இலாப நட்டக் கணக்கில் வருவாய் என்று எழுதப்படும் தொகைக்கும் இடையே உள்ள தொலைவு, வேறு எந்தக் கடைக்காரரையும் திகைக்க வைக்கும் அளவுக்குப் பெரியது. நூறு ரூபாய் வாங்கியவர் நான்கு ரூபாயை மட்டும் தன் வருவாயாகக் காட்டுவது சட்டத்திலிருந்தும், ஒப்பந்தத்திலிருந்தும், பின்னர் கணக்கியல் தரநிலைகளிலிருந்தும் படிப்படியாக உருப்பெற்ற முறையாகும்.

இம்முறையின் வேர் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. பிறர் சார்பில் செயல்படுபவரை முகவர் என்றும், யார் சார்பில் செயல்படுகிறாரோ அவரை முதன்மையாளர் என்றும் வகுக்கும் அச்சட்டம், முதன்மையாளருக்காகப் பெற்ற பணத்திலிருந்து தனக்குச் சேரவேண்டிய ஊதியத்தைக் கழித்துக்கொள்ள 217ஆம் பிரிவில் முகவருக்கு உரிமை அளித்து, எஞ்சியதை முழுவதும் ஒப்படைக்கும் கடமையை 218ஆம் பிரிவில் விதிக்கிறது. வருவாய் என்ற சொல் அப்பிரிவுகளில் இல்லை. எனினும் கழித்துக்கொள்ளத் தக்கது மட்டுமே முகவருடையது என்ற கருத்து அங்கேயே நிலைபெற்றுவிட்டது.

1935இல் டாட்டா நிறுவனத்தின் விமானம் வந்திறங்கிய திருவனந்தபுரத்தில், விமானச்சீட்டு விற்பனை ஒரு தெருத்தொழிலாக விரிந்தது வளைகுடா நாடுகளுக்கான குடிபெயர்வு பெருகிய 1970களுக்குப் பின்னரே ஆகும். வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கெனக் கேரள அரசு 1977இல் ஒடெபெக் நிறுவனத்தைத் தொடங்கியதும், 1991 ஜனவரி 1இல் இவ்வூர் நிலையம் பன்னாட்டு விமான நிலையமானதும் இந்த வளர்ச்சியின் இரு அடையாளங்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் பகுதித் தமிழர்களும் வளைகுடாவுக்கு இவ்வழியே சென்றதால், இம்முகவர்களின் வாடிக்கையாளர் வட்டம் மாநில எல்லையைத் தாண்டியே இருந்தது.

ஐயாட்டா எனப்படும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர், அதன் பொதுவான முகவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். சீட்டு விற்றுப் பெறும் பணம் விமான நிறுவனத்தின் சொத்து என்றும், முகவர் அதைப் பொறுப்பாளராகவே வைத்திருக்கிறார் என்றும் அவ்வொப்பந்தம் கூறுகிறது. காகிதச்சீட்டு வழங்கிய காலத்தில் முகவர் அலுவலகத்து இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்ட எழுதாத சீட்டுக் கட்டுகளும் அவருடைய சரக்கிருப்பாகக் கருதப்படவில்லை. சீட்டு எழுதப்பட்டபோது பயண கூப்பனும் பயணி கூப்பனும் வாடிக்கையாளருக்குச் சென்றன, தணிக்கை கூப்பன் விமான நிறுவனத்தின் கணக்குக்குச் சென்றது, முகவர் கூப்பன் மட்டும் அலுவலகத்தில் தங்கியது. சரக்கு தன்னுடையதாக இல்லாதபோது அதன் விலை தன் விற்பனையாக முடியாது என்பதை இந்த ஏற்பாடே காட்டிக்கொண்டிருந்தது. 2008 ஜூனில் மின்சீட்டு முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் கட்டுகள் மறைந்தன. பல விமான நிறுவனங்களுக்குச் சேரவேண்டியதை முகவரிடமிருந்து ஒரே தொகையாகத் தண்டும் பி.எஸ்.பி. என்ற தீர்வுமுறையின் அறிக்கையே இப்போது அந்த உண்மைக்குச் சான்றாக நிற்கிறது.

கணக்கியல் துறை இதனை வெளிப்படையாகச் சொன்னது 1985இல்தான். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் அவ்வாண்டு வெளியிட்ட கணக்கியல் தரநிலை 9, முகமை உறவில் வருவாய் என்பது தரகுத்தொகையே, மொத்தமாக வந்த பணம் அன்று என்று வருவாயின் வரையறைக்குள்ளேயே விதித்தது. வருமான வரித்துறையும் 1986 மார்ச் 17 தேதியிட்ட 452ஆம் சுற்றறிக்கையில், பிறர் சரக்கை விற்றுத் தரும் கச்சா ஆடத்தியாருக்கு வரித்தணிக்கைக்கான விற்றுமுதல் அவர் பெறும் தரகு மட்டுமே என்று தெளிவுபடுத்தியது. மண்டிக்காரர்களுக்காக எழுதப்பட்ட அச்சுற்றறிக்கையின் தர்க்கம் சீட்டு முகவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டு இதன் விளைவைக் காட்டும். அபுதாபிக்கான சீட்டொன்றின் அடிப்படைக் கட்டணம் 14,000 ரூபாய், வரிகளும் நிலையக் கட்டணங்களும் 4,000 ரூபாய், அடிப்படைக் கட்டணத்தில் முகவரின் தரகு 3 விழுக்காடு, பயணியிடம் தனியே வாங்கும் சேவைக்கட்டணம் 300 ரூபாய் என்று கொண்டால், முகவரின் சேவை மீதான வரி நீங்கலாக, பயணி தருவது 18,300 ரூபாய். அதில் விமான நிறுவனத்துக்குச் செலுத்தவேண்டிய 17,580 ரூபாய் கடன்பொறுப்பாகப் பதிவாக, 420 ரூபாய் தரகும் 300 ரூபாய் சேவைக்கட்டணமும் சேர்ந்த 720 ரூபாயே வருவாயாகிறது. ஆண்டுக்கு இத்தகைய 10,000 சீட்டுகள் விற்றால் 18.30 கோடி ரூபாய் கைமாறும். வருவாய் 72 லட்சம். பயணி சீட்டை இரத்து செய்து முழுப்பணமும் திரும்பினால் தரகையும் விமான நிறுவனம் மீட்டுக்கொள்வதால், அந்த 420 ரூபாயை வருவாயிலிருந்து நீக்கவேண்டும். பறக்காத பயணிக்குத் திரும்பி வரும் நிலையக் கட்டணத்தை அவரிடம் சேர்க்காமல் இதர வருமானத்தில் எழுதிக்கொள்வது இத்தொழிலில் நேரக்கூடிய மிகக் கடுமையான பிழை. அது பயணியின் பணம். பி.எஸ்.பி. அறிக்கையின் பணத்திருப்ப வரிகளைப் பயணியர் பேரேட்டுடன் ஒப்பிட்டால் இப்பிழை உடனே வெளிப்படும்.

தரகு 9 விழுக்காட்டிலிருந்து 7, 5 என்று இறங்கி, 2008 இறுதியில் பல நிறுவனங்கள் அதனை அறவே நிறுத்த முற்பட்டபோது, முகவரின் வருவாய் யாரிடமிருந்து வருகிறது என்ற கேள்வி கூர்மையடைந்தது. நிகரக் கட்டணத்துக்கு மேல் முகவர் விற்றுத் தன்னிடமே வைத்துக்கொண்ட தொகையை அவருடைய சொந்த வியாபார இலாபம் என்று விமான நிறுவனங்கள் வாதிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வழக்கில் 2022 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை மறுத்து, சீட்டின் உரிமை எந்நிலையிலும் முகவருக்குச் செல்வதில்லை என்பதால் அம்மிகுதியும் துணைத் தரகே என்றும், வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவின்படி வரிப்பிடித்தம் செய்யவேண்டியதே என்றும் தீர்ப்பளித்தது. வரிச்சட்டத்தின் பொருட்டு எழுந்த வழக்காயினும், விலையைக் கூட்டிக் குறைக்கும் சுதந்திரம் மட்டுமே ஒருவரை முதன்மையாளராக்கிவிடாது என்று அது கூறியதாகக் கொள்ளலாம்.

அவ்வாறாயின் சீட்டு முகவர் எப்போது முதன்மையாளர் ஆகிறார்? 2018 ஏப்ரல் 1 முதல் பெரிய நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 115, வாடிக்கையாளருக்குச் சேருமுன் விற்கப்படும் சேவை யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்று கேட்கிறது. அதற்கு மூலமான பன்னாட்டுத் தரநிலை 15இன் விளக்க எடுத்துக்காட்டுகளில் ஒன்றே விமானச்சீட்டைப் பற்றியது: குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சீட்டுகளை விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் தருவதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, விலையைத் தானே வகுக்கும் நிறுவனம் முதன்மையாளர் ஆகிறது. ஓணத்துக்கும் வளைகுடாப் பள்ளி விடுமுறைக்கும் இருக்கைகளை மொத்தமாக வாங்கி வைக்கும் முகவர், விற்காத இருக்கையின் நட்டம் முழுவதையும் தானே ஏற்பதாக ஒப்பந்தம் இருந்தால், இவ்வகையில் சேர்கிறார். அச்சீட்டுகளின் முழு விலையும் அவருக்கு வருவாய், கொள்முதல் விலை செலவு. விற்காதவற்றைக் குறித்த நாளுக்குள் திருப்பித் தர முடியுமாயின் அவர் முகவராகவே நிற்கிறார்.

இப்புதிய தரநிலைக்குட்படாத சிறு நிறுவனங்களே இத்தொழிலில் மிகுதி. அவை பின்பற்றும் தரநிலை 9 முகமை உறவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுகிறது. இரு உறவுகளையும் பிரித்தறியும் வழியை அது சொல்லவில்லை. எனவே ஒரே அலுவலகத்தில் ஒரே நாளில் விற்ற இரண்டு அபுதாபிச் சீட்டுகளில் ஒன்றைத் தரகாகவும் மற்றொன்றை முழு விலையாகவும் எழுத நேரலாம். எதனை எவ்வாறு எழுதுவது என்று தீர்மானிக்க, திருவனந்தபுரத்துத் தணிக்கையாளர் விற்பனைப் பட்டியலைப் புரட்டுமுன் இருக்கை ஒப்பந்தத்தின் திருப்பித்தரும் விதியைப் படிக்கவேண்டும்.